மலைவீட்டு விளம்பரத்தின் முதல் வரி: காட்சியா, சமையலா, அமைதியா?

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதையில், காபித் தோட்டத்துக்குள் ஒரு வீடு. ஐம்பதைத் தாண்டிய கணவன் மனைவி. பிள்ளைகள் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போனபின் பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து ஹோம்ஸ்டேயாக விடுகிறார்கள். சமைப்பது அந்த அம்மாதான். தங்களிடம் விற்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்: ஒன்று சத்தமில்லாத இடம், இன்னொன்று அடுப்படி. நீச்சல் குளமோ, கண்ணாடி மாளிகையோ, படமெடுக்கும் ஊஞ்சலோ இல்லை.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கிறேன். மேலே சொன்னது ஒரே வீடு அல்ல, ஒரே மாதிரியான சில வீடுகளைச் சேர்த்து ஒன்றாக்கிச் சொல்கிறேன். எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்போம். முதல் வரியில் எதை வைப்பது? போனில் பார்ப்பவர் படிக்கப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வரியைத்தான். காட்சியை வைக்கலாம், சமையலை வைக்கலாம், அமைதியை வைக்கலாம். மூன்றுக்கும் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். அதனால் எந்த வரி அழகு என்று பார்ப்பதைவிட, எந்த வரி யாரை மலையேற்றிக் கொண்டுவருகிறது, வந்தபின் இந்த வீடு அவர்களைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் முறை.

காட்சி வாசகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கையில் ஏற்கெனவே வைத்திருப்பது இதுதான்:

"மேகங்கள் தவழும் பசுமைப் பள்ளத்தாக்கில், இயற்கை அன்னையின் மடியில், மனதை மயக்கும் காட்சிகளுடன் உங்களை அன்போடு வரவேற்கிறோம்."

இதை ஏற்காட்டு வீட்டுக்கும் போடலாம், வால்பாறை வீட்டுக்கும் போடலாம், கொல்லிமலைக்கும் பொருந்தும். எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது படிப்பவர் ஒப்பிட மிஞ்சுவது வாடகை மட்டும்தான். இரண்டு அறை வைத்திருப்பவர் வாடகையில் போட்டி போட்டுப் பிழைக்க முடியாது.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. காட்சியைப் பார்த்து வருபவர் காட்சியைத் தேடித்தான் அலைவார். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் ஏரிக்கும் தூண்பாறைக்கும் போய்விடுவார். மதியச் சாப்பாடு வழியில் ஏதோ ஒரு ஹோட்டலில் முடியும். இருட்டிய பிறகு களைத்து வந்து படுப்பார். இந்த வீடு விற்கும் இரண்டு பொருளில் ஒன்றைக்கூட அவர் தொட்டிருக்கமாட்டார். போகும்போது, 'எல்லா இடத்துக்கும் தூரம்' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். கீழ்ப் பழனி மலைக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளத்தாக்கே தெரியாதபடி மூட்டம் இறங்கி நாள்முழுக்க நிற்கும். அன்றைக்குக் காட்சியை நம்பி வந்தவருக்கு வீட்டுக்காரர் எதைக் காட்டுவார்? ஆகவே காட்சிக்குப் படங்களில் ஓர் இடம் கொடுத்தால் போதும், வாசகத்தில் வேண்டாம்.

மிச்சம் இரண்டு. இவற்றுக்கு நடுவில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது.

சமையலை முதலில் வைக்க ஆசை வருவது இயல்பு. சாப்பாடு படத்தில் தெரியும், வாயில் ஊறும், பகிரப்படும். ஆனால் 'வீட்டுச் சாப்பாடு' என்ற இரண்டு சொல் இன்று பேருந்து நிலையத்து மெஸ் பலகை வரைக்கும் வந்துவிட்டது. 'அறுசுவை', 'பாரம்பரிய', 'கைமணம்' எல்லாம் அதே கதிதான். இவற்றைத் தள்ளிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டால்தான் எழுத விஷயம் கிடைக்கும். 'என்ன சமைப்பீங்க?' என்று கேட்கக்கூடாது. 'எல்லாம் சமைப்போம் தம்பி' என்றுதான் பதில் வரும். 'நேத்து மதியம் என்னம்மா வச்சீங்க?' என்று கேட்க வேண்டும்.

"நேத்தா? பச்ச மொச்சை உரிச்சுக் கொழம்பு. சௌசௌ கூட்டு. மொளகு ரசம். வேற என்னத்த வைக்கிறது, ஊறுகாயிருந்துச்சு."

"என்ன ஊறுகாய்?"

"நார்த்தங்காதான். பின்னாடி நிக்கிது பாருங்க மரம்."

அந்த 'பின்னாடி நிக்கிது பாருங்க' என்பதுதான் வாசகம். பச்சை மொச்சை மார்கழி, தை மாதத்துப் பொருள். மிளகு தோட்டத்து மரங்களில் ஏறியிருக்கும் கொடியிலிருந்து வருகிறது. சௌசௌ பந்தலில் தொங்குகிறது. இதை அப்படியே எழுதினால் வேறு எந்த மலைவீடும் இதைத் திருடிப் போட்டுக்கொள்ள முடியாது. போட்டுக்கொண்டாலும் வந்தவர் நார்த்தை மரம் எங்கே என்று கேட்பார்.

சமையல் வாசகத்தில் மாதம் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மொச்சைக் குழம்பைப் படித்துவிட்டு வைகாசியில் வருபவருக்கு மொச்சை கிடைக்காது. அப்போது பலாக் காலம். கத்தரிக்காயோடு பலாக்கொட்டை போட்ட குழம்பு வைப்பார்கள், பலாப்பிஞ்சைப் பொரியல் செய்வார்கள். அதைச் சொன்னால் அதற்கென்றே வர ஆள் உண்டு. ஆண்டு முழுக்கப் பொருந்தும்படி ஒரு பட்டியல் எழுதப் போனால் அது ஹோட்டல் மெனுவாகிவிடும். 'இது தை மாதத்துச் சாப்பாடு' என்று ஒரு தலைப்பும், அதன்கீழ் நான்கு வரியும் போதும். மாதம் மாறினால் அந்த நான்கு வரி மட்டும் மாறட்டும்.

இன்னொன்று, சொல்வது நிஜமாக இருக்க வேண்டும். 'எங்கள் தோட்டத்துக் காபி' என்று எழுதுவதற்குமுன் டப்பாவைத் திறந்து பார்த்துக் கேட்டுக்கொள்வேன். பல தோட்டக்காரர்கள் காயை விற்றுவிட்டு, வீட்டுக்குக் கடைத்தூள் வாங்குகிறார்கள். அதில் சிக்கரி கலந்திருக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அது தோட்டத்துக் காபி ஆகாது. இந்த வீட்டில் அறுவடையில் கொஞ்சம் பழத்தை அப்படியே வெயிலில் காயப்போட்டு, உரலில் இடித்துத் தோல் நீக்கி, இரும்புச் சட்டியில் வறுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் உரலையும் சட்டியையும் சொல்லலாம். கடைத்தூள்தான் என்றால் 'பட்டிவீரன்பட்டியில் அரைத்து வாங்கும் தூள்' என்று எழுதினாலும் அழகாகத்தான் இருக்கிறது. பூண்டு விஷயமும் இப்படித்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் எல்லா விளம்பரத்திலும் அது நுழைந்துவிட்டது. அது விளைவது மேல்மலைப் பக்கம், பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில். சந்தையில் வாங்கிய ஏதோ ஒரு பூண்டை அந்தப் பெயரில் எழுதக்கூடாது.

சரி, இவ்வளவு நல்ல சரக்கு இருக்கும்போது சமையலையே முதல் வரியாக்கினால் என்ன? யார் வருகிறார்கள் என்பதில்தான் சிக்கல். சாப்பாட்டை முன்னால் வைத்த வாசகத்துக்கு முதலில் போன் செய்வது பெரிய குழு. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து, சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்புகிறவர்கள். 'பத்துப் பேர் வர்றோம், நாட்டுக்கோழி போட்டுருங்கக்கா, நைட்டு கேம்ப் ஃபயர் இருக்கும்ல?' நல்ல மனிதர்கள்தான். சாப்பாட்டை ரசிப்பார்கள், காசும் தாராளமாகத் தருவார்கள். ஆனால் நல்ல சாப்பாடு கூட்டத்தை ஒன்றாக உட்காரவைக்கும், உட்கார்ந்த கூட்டம் பேசும், பேச்சு இரவு பதினொன்றைத் தாண்டும். பக்கத்து அறையில் அமைதிக்கென்று வந்து தங்கியிருக்கும் தம்பதி அதோடு திரும்ப வரமாட்டார்கள். இரண்டு அறை வீட்டில் ஒரு சுவர்தான் நடுவில்.

அதாவது, இந்த வீடு விற்கும் இரண்டு பொருளும் ஒன்றையொன்று அடிக்கக்கூடியவை. இதை வீட்டுக்காரர்கள் கவனிப்பதில்லை. 'அமைதியான சூழல், சுவையான உணவு' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். சமையல் தன் போக்கில் விடப்பட்டால் அமைதியைத் தின்றுவிடும். அமைதி அப்படி எதையும் செய்யாது. சத்தமில்லாத இடம் தேடி வருபவர் சாப்பாட்டைக் கெடுப்பதில்லை, பெரும்பாலும் மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிடுவார்.

சமையல் வாசகத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பது அந்த அம்மா. 'கேட்டதைச் சமைத்துத் தருவோம்' என்று ஒரு வரி எழுதிவிடுவது சுலபம். ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். இருவர் எட்டு மணிக்கு எழுந்து வருவார்கள், இருவர் ஒன்பதரைக்கு, மீதி இருவர் பதினொன்றுக்கு. ஒவ்வொருவருக்கும் சூடாகத் தோசை. பதினொன்றே காலுக்குத் தோசைக்கல்லை இறக்கினால் ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு வேண்டும். சட்னியை ஒருவர் காரமில்லாமல் கேட்பார், பிள்ளைக்கு நூடுல்ஸ் கேட்பார் இன்னொருவர், இரவுக்குப் பரோட்டா உண்டா என்பார் மூன்றாமவர். ஒரு சீசனில் அந்த அம்மாவுக்கு விருந்தினர் முகத்தைப் பார்த்தாலே சலிப்பு வந்துவிடும். அதற்கப்புறம் ஆள் வைத்துச் சமைக்கத் தொடங்குவார்கள். வாசகம் மட்டும் 'வீட்டுச் சமையல்' என்று நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே சமையலைப் பற்றி எவ்வளவு ருசியாக எழுதுகிறோமோ, அவ்வளவு கறாராக நேரத்தையும் எழுத வேண்டும். காலை எட்டிலிருந்து ஒன்பதரை, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு, இரவு ஏழரையிலிருந்து எட்டரை. மெனு இல்லை, வீட்டுக்கு வைப்பதே விருந்தினருக்கும். நாட்டுக்கோழி வேண்டுமானால் முந்தின நாள் மாலைக்குள் சொல்ல வேண்டும். இதை மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுத வேண்டியதில்லை. 'மெனு இல்லை' என்பதே வீடு என்பதற்குச் சான்று.

இனி அமைதி. எழுதுவதற்குக் கடினமானது இதுதான். சாப்பாட்டைக் காட்டலாம், இல்லாத சத்தத்தை எப்படிக் காட்டுவது? அதனால்தான் எல்லாரும் 'அமைதியான சூழல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிப்பவரும் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இதற்கு நான் கையாளும் வழி, முதலில் அந்த வீட்டின் சத்தங்களை எழுதிக்கொள்வது. இரண்டு அறையிலும் தனித்தனியாக, ஜன்னல் திறந்தும் மூடியும், விடியற்காலை, நண்பகல், மாலை ஆறு, இரவு பத்து என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் ஒரு காபித் தோட்டத்து வீடு அவ்வளவு நிசப்தம் இல்லை என்பது தெரியும். மாலையில் சிள்வண்டு காதைத் துளைக்கும். முதல் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஹாரன் அடிக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கார்த்திகை முதல் தை வரை பழம் எடுக்கும் காலத்தில் காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரம் ஓடும், ஆட்கள் வந்துபோவார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர். இரவில் காட்டுமாடோ பன்றியோ வேலியோரம் வந்தால் நாய் விடாமல் குரைக்கும். மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி.

இவற்றை மூன்றாகப் பிரிக்கிறேன். பூச்சி, மழை, நாய் எல்லாம் மலையின் சத்தம். அமைதி தேடி வருபவர் இவற்றைச் சத்தமாகவே எண்ணமாட்டார், சொல்லிவைத்தால் சந்தோஷப்படுவார். கோயில், பேருந்து, பக்கத்துத் தோட்டத்து இயந்திரம் ஊரின் சத்தம். இதை வீட்டுக்காரர் நிறுத்த முடியாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் திருவிழா நாட்களுக்கென்று ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை விலக்குத் தர அதே விதிகள் மாநில அரசுக்கு இடம் தருகின்றன. அதனால் வீட்டுக்காரர் செய்யக்கூடியது, ஊர்த் திருவிழா நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான். சொல்லாமல் விட்ட ஒரு மைக் செட், நல்ல பத்து விமர்சனங்களைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது வகை வீட்டின் சத்தம்: பாட்டு, டிவி, ஜெனரேட்டர், பக்கத்து அறை விருந்தினர். அமைதியைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான், வீட்டுக்காரர் கையில் முழுக்க இருப்பதும் இதுதான். ஆகவே விளம்பரத்தில் வாக்குக் கொடுக்க வேண்டியது இந்த மூன்றாவது வகையில் மட்டும். மலை அமைதியாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. நாங்கள் அமைதியாக வைத்திருப்போம் என்று சொல்லலாம், எப்படி என்றும் சொல்லலாம். இரண்டு வாசகங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

"நகரத்தின் இரைச்சலிலிருந்து விலகி, பேரமைதியில் உங்களை மறந்திடுங்கள்."

"இரண்டே அறைகள். ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. வெளியில் ஸ்பீக்கர் வைக்க விடுவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு முற்றத்து விளக்கை அணைத்துவிடுவோம்."

இரண்டாவதில் 'அமைதி' என்ற சொல்லே இல்லை, ஆனால் படிப்பவருக்கு அது கேட்டுவிடுகிறது. ஒவ்வொரு வரியும் வீட்டுக்காரர் செய்யும் ஒரு காரியம், வந்தவர் சரிபார்க்கக்கூடிய காரியம். 'நகரத்தின் இரைச்சலிலிருந்து' என்று தொடங்கும் வாசகம் படிப்பவரின் ஊரைத் திட்டுகிறது, இந்த வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

சிலர் போனில் ஒரு செயலியை இறக்கி, 'இங்கே 32 டெசிபல்தான்' என்று படம் போடுகிறார்கள். அதை நான் சேர்ப்பதில்லை. போன் மைக் அளவுக்கருவியாகச் சரிபார்க்கப்பட்டது அல்ல, ஒவ்வொரு போனும் ஒவ்வொன்று காட்டும். அதோடு எண்ணைக் கொடுத்துவிட்டால் வருபவர் தன் போனை எடுத்து அளக்கத் தொடங்குவார். சிள்வண்டு கத்தும் மாலையில் அந்த எண் நிற்காது.

அமைதியை முதல் வரியில் வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். விதிகளாகவே அடுக்கினால் விடுதிக் காப்பாளர் அறிவிப்புப் பலகை போல ஆகிவிடும். 'மது அருந்தக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பேச்சிலர்களுக்கு அனுமதி இல்லை' என்று தொடங்கும் வீட்டுக்கு, யாருக்காக அந்த விதி எழுதப்பட்டதோ அவர்கள் வருவார்களோ இல்லையோ, அமைதியை விரும்பும் நல்ல விருந்தினர் நிச்சயம் தயங்குவார். தன்னையும் யாரோ கண்காணிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றும். அதனால்தான் 'கூடாது' என்பதை 'நாங்கள் இப்படிச் செய்கிறோம்' என்று மாற்றி எழுதுகிறேன். தண்ணி பார்ட்டிக்கு வருபவர் 'ஆறு பேர், ஸ்பீக்கர் இல்லை, ஒன்பதுக்கு விளக்கு அணையும்' என்பதைப் படித்ததுமே அடுத்த வீட்டைத் தேடிப் போய்விடுவார். அவரைத் திட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு ஆபத்து, அமைதியை மட்டும் எழுதினால் வாசகம் வறண்டுபோகும். 'அங்கே போய் மூன்று நாள் என்ன செய்வது?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. அந்தப் பதில் அடுப்படியில்தான் இருக்கிறது. சத்தமில்லாத வீட்டில் நாளைப் பிரிப்பது சாப்பாட்டு வேளைகள்தானே.

ஆக, என் முடிவு இது. இரண்டு அறைகளைத் தனித்தனி ஆட்களுக்கு விடும் வீடாக இருந்தால், முதல் வரி அமைதிக்கு, மிச்ச வாசகத்தில் பெரும்பகுதி சமையலுக்கு. முதல் வரியின் வேலை ஆளைத் தேர்ந்தெடுப்பது. தப்பான ஒரு குழு வந்தால் அடுத்த அறையும் சேர்ந்து கெடும் என்பதால் அந்தத் தேர்வு முதலிலேயே நடந்துவிட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டு நின்று படிப்பவரை முன்பதிவு வரை கொண்டுபோவது சமையல். நீளத்தில் பார்த்தால் அமைதிக்கு மூன்று வரி, சமையலுக்கு எட்டு வரி, நிபந்தனைக்கு இரண்டு வரி என்ற கணக்கில் வரும்.

இதே வீட்டை முழுவதுமாக ஒரே குடும்பத்துக்கு விடுகிறார்கள் என்றால் என் பதில் மாறும். அப்போது சத்தம் போட்டால் கேட்கப் பக்கத்து அறையில் யாரும் இல்லை. தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் வந்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அங்கே மொச்சைக் குழம்பே முதல் வரி. வீட்டுக்காரர்கள் வேறிடத்தில் இருந்துகொண்டு ஆள் வைத்துச் சமைக்கும் வீடாக இருந்தாலும் என் பதில் மாறும். அங்கே சமையலை முன்னால் கொண்டுவரவே வேண்டாம். சமையற்காரர் லீவு போட்ட நாளில் விளம்பரம் பொய்யாகிவிடும்.

நம் தம்பதிக்கு எழுதி முடித்தது இப்படி வந்தது. எழுதிய மாதம் தை.

"இரண்டே அறைகள். ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை. டிவி இல்லை, வெளியில் ஸ்பீக்கர் இல்லை. இரவு ஒன்பதுக்கு முற்றத்து விளக்கை அணைப்போம். அதற்கப்புறம் சிள்வண்டும் எங்கள் நாயும்தான்.

இது காபித் தோட்டத்துக்கு நடுவில் நாங்கள் குடியிருக்கும் வீடு. சமைப்பது வீட்டு அம்மா. மெனு கிடையாது, எங்களுக்கு வைப்பதே உங்களுக்கும். தை மாதத்தில் பச்சை மொச்சைக் குழம்பு, தோட்டத்து மிளகில் ரசம், பந்தலில் பறித்த சௌசௌவில் கூட்டு, பின்புறத்து மரத்து நார்த்தங்காய் ஊறுகாய். காலையில் இட்லி அல்லது கேழ்வரகுத் தோசை. காபி, எங்கள் பழத்தைக் காயவைத்து உரலில் இடித்து வறுத்தது. சிக்கரி சேர்ப்பதில்லை, அதனால் கடைக் காபியைவிட லேசாக இருக்கும். நாட்டுக்கோழி வேண்டுமென்றால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் காலை 8 முதல் 9.30, மதியம் 1 முதல் 2, இரவு 7.30 முதல் 8.30. மூன்று வேளையும் வாடகையில் அடங்கும்.

தை முடியும்வரை பகலில் பழம் அரைக்கும் இயந்திரம் ஓடும், சாயங்காலம் நிறுத்திவிடுவோம். ஊர்த் திருவிழா நாட்களை முன்பதிவின்போதே சொல்லிவிடுவோம். கொடைக்கானல் சுற்றிப்பார்க்க இது தோதான இடம் அல்ல, மலைப்பாதையில் பாதி நாள் போய்விடும்."

கடைசி வரியைப் பார்த்து அந்த வீட்டு ஐயா, "இதையுமா எழுதணும்? வர்றவங்களும் வராமப் போயிருவாங்களே" என்றார். கொடைக்கானல் பார்க்க வருபவர் வராமல் போவதுதான் அந்த வரியின் வேலை என்று சொன்னேன். மூன்று வேளையும் வாடகையில் சேர்த்ததும் அதே காரணத்துக்காகத்தான். சாப்பாட்டுக்குத் தனிக்காசு என்றால் மதியம் வெளியே சாப்பிடலாம் என்று கிளம்புவார்கள். சேர்த்துக் கொடுத்துவிட்டால் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பார்கள், சமைத்ததும் வீணாகாது.

முன்பதிவுத் தளங்களில் தலைப்புக்குக் கொஞ்சம்தான் இடம் தருவார்கள். தமிழில் எழுதினால் அது இன்னும் குறையும். 'டே' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு. அதனால் 'இரண்டே அறை, டிவி இல்லை, அம்மா சமையல்' என்று சுருக்கிக்கொண்டோம். முதல் படமும் பள்ளத்தாக்கு அல்ல. சமையலறை மேடையில் பாதி உரித்த மொச்சை, பக்கத்தில் தோல் குவியல், அதுதான் முதல் படம்.

எவ்வளவு எழுதினாலும் படிக்காமலே போன் செய்பவர் இருப்பார். அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு பதிலையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் அந்த அம்மா 'பார்த்துக்கலாம் வாங்க' என்று சொல்லிவிடுவார், அந்த ஒரு சொல்லில் முழு வாசகமும் வீணாகும்.

"கேம்ப் ஃபயர், மியூசிக் எல்லாம் இருக்குமாக்கா?"

"இல்ல தம்பி. பக்கத்து ரூம்ல வேற ஆள் தங்குவாங்க, ஒம்பது மணிக்கு லைட்ட அணைச்சிருவோம். நீங்க எல்லாரும் சேர்ந்து வர்றதா இருந்தா, ரெண்டு ரூமும் காலியா இருக்கிற தேதி சொல்றேன், ஆறு பேர் வரைக்கும் தங்கலாம். அப்பவும் பாட்டு மட்டும் வேணாம் தம்பி."

அதைக் கேட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

மாதம் மாற்றும் பொறுப்பை யாரிடமாவது பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இந்த வீட்டில் கோவையில் இருக்கும் மகள் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தமிழ் மாதம் பிறக்கும்போதும் அம்மாவுக்குப் போன் செய்து நேற்று என்ன சமையல் என்று கேட்கிறார், அந்த நான்கு வரியை மாற்றுகிறார். பங்குனி, சித்திரையில் கோடைமழை பெய்தபின் காபி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளையாகி, சில நாளில் வாடிவிடும். அதை முன்கூட்டித் தேதி போட்டு எழுத முடியாது என்பதால், பூத்த அன்றைக்கு ஏற்கெனவே வந்துபோனவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்: 'பூத்திருக்கு, ரெண்டு மூணு நாள்தான் நிக்கும், புதன் வரைக்கும் ஒரு ரூம் காலி.'